வெட்டி ஒட்டிய படம் ஏன் மங்குகிறது?



என்னிடம் கணக்குப் படித்த ஒரு தம்பி, தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவதற்காகத் தானே பேனர் வடிவமைத்திருக்கிறான். குடும்பப் படத்திலிருந்து அப்பாவை வெட்டி ஒட்டியபோது முகம் தெளிவாக இருந்ததாம். சின்னதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பெரிதாக்கியதும் புகைமூட்டம் போல் ஆகிவிட்டதாம். "சார், கம்ப்யூட்டர் கோளாறா?" என்று கேட்டான்.

கோளாறு இல்லை தம்பி, கணக்குதான். வெட்டிய உருவம் 1200 புள்ளி உயரம். அதை 300 ஆக்கி Enter தட்டியதும் உயரத்தில் நாலில் ஒன்று, அகலத்தில் நாலில் ஒன்று, ஆக மொத்தப் புள்ளிகளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியது. பிறகு 900 ஆக்கினாய். இப்போது ஒவ்வொரு புள்ளியும் ஒன்பது இடத்தை நிரப்ப வேண்டும். போன புள்ளிகள் திரும்பாது. பக்கத்து நிறங்களைக் கலந்து மென்பொருள் இட்டு நிரப்புகிறது, அதுதான் மங்கல். கலக்காமல் அதே நிறத்தையே ஒன்பது இடத்திலும் வைத்தால் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். கிம்ப்பில் Scale Layer பெட்டியில் Interpolation என்பது None என்று இருந்தால் இப்படித்தான் வரும். அதை Cubic என்று மாற்று.

ஆனால் மங்கிப்போன லேயரை வைத்துப் போராடாதே. அசல் படத்திலிருந்து மறுபடி ஒட்டி, 1200-லிருந்து நேராக 900-க்கு ஒரே தடவை குறை. கிம்ப்பில் அசல் லேயரை நகல் எடுத்து, கண் அடையாளத்தை அணைத்து மறைத்து வை. அளவு மாற்றுவதெல்லாம் நகலில்தான். போட்டோஷாப்பில் இன்னும் சுலபம். ஒட்டியவுடன், சின்னதாக்கும் முன்பே, லேயர் மேல் வலது கிளிக் செய்து Convert to Smart Object கொடு. 2005-இல் வந்த வசதி இது. அசல் புள்ளிகள் உள்ளேயே பத்திரமாக இருக்கும். எத்தனை தடவை அளவு மாற்றினாலும் அசலிலிருந்தே கணக்கிடும். சின்னதாக்கிய பிறகு கொடுத்தால் பயனில்லை, அந்த 300 புள்ளிதான் உள்ளே போகும். இதன் மேல் அழிப்பான் நேரடியாக ஓடாது என்பது ஒரு தொல்லை. லேயரின் சின்னப் படத்தை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போய்த்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று, தெளிவு இருக்கிறதா என்பதை 100% அளவில் வைத்துப் பார். 33%-இல் நல்ல படமும் திரையில் கரடுமுரடாகத் தெரியலாம்.

1200-க்கு மேல் போனால் எந்த வழியிலும் மங்கத்தான் செய்யும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால், படம் எடுத்தவரிடம் அசல் கோப்பையே கேள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்.