மாற்ற முடியாததைப் பார்த்து வாங்கு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய வொர்க்ஸ்டேஷன் விற்கும் கடைக்குப் போனால், முதலில் காதில் விழுவது "எத்தனை ஜிபி ரேம், எத்தனை ஜிபி எஸ்எஸ்டி" என்ற பேச்சுதான். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அதுதான் இருக்கும். பதினைந்து வருடமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சீட்டில் இருப்பதெல்லாம் பின்னால் சல்லிசாக மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதவை சீட்டில் இருப்பதில்லை.

போன வருடம் அல்சூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். வீட்டு உள்ளலங்காரம் வரைபவர். பகலில் ஸ்கெட்ச்அப், இரவில் பிளெண்டரில் ரெண்டர். கடையில் இரண்டு பெட்டிகள் எங்கள் முன்னால் இருந்தன. ஒன்று ஹெச்பி இசட்420, 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, பளபளவென்று துடைத்து வைத்தது. மற்றது ஹெச்பி இசட்440, ஒரே ஒரு 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், தூசி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

"அண்ணா, முதல் பெட்டிதானே லாபம்?" என்றார்.

நான் தூசிப் பெட்டியை எடுக்கச் சொன்னேன்.

காரணம் போர்டு. இசட்420 ஒரு தலைமுறை பழையது. டிடிஆர்3 ரேம்தான் ஏற்கும், சாதாரண என்விஎம்இ டிரைவிலிருந்து நேரடியாக பூட் ஆகாது. அதற்கு மேல் ஒரு கண்ணி உண்டு, நானே ஒருமுறை மாட்டிக்கொண்டது. அந்த வரிசையில் தொடக்கத்தில் வந்த போர்டுகளின் பூட் பிளாக் 2011 தேதியிட்டது. அது ஜியான் இ5 வி2 பிராசசர்களை ஏற்காது. 2013 தேதியிட்டது ஏற்கும். பயாஸை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் இந்தத் தேதி மாறாது. நான் அதைப் பார்க்காமல் வி2 பிராசசர் வாங்கி மாட்டி, திரை இருட்டாகவே இருக்க, ரேமையும் பவர் சப்ளையையும் கழற்றிக் கழற்றி மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி. F10 அழுத்தி உள்ளே போனால் System Information பக்கத்தில் Boot Block Date என்று எழுதியிருக்கும்.

இசட்440-இல் அந்தச் சிக்கல் இல்லை. எட்டு ரேம் இடங்கள், டிடிஆர்4, வி3, வி4 இரண்டு தலைமுறை பிராசசருக்கும் ஒரே சாக்கெட். ஆனாலும் பக்கக் கதவைத் திறந்து பவர் சப்ளையின் சீட்டைப் படித்தேன். 700 வாட். இது முக்கியம். இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை உருவமும் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. பக்கத்துக் கடையில் கிடைக்கும் சாதாரண சப்ளையை வாங்கி அப்படியே பொருத்த முடியாது. சிறிய சப்ளை உள்ள பெட்டியை வாங்கினால், நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கான வழி அன்றைக்கே அடைபடுகிறது.

பிறகு பையில் வைத்திருக்கும் லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து மூன்று கட்டளைகள்.

```
sudo dmidecode -t memory
sudo smartctl -a /dev/sda
sudo dmesg | grep -i edac
```

முதலாவது, எட்டு இடங்களும் கணக்கில் வருகின்றனவா என்று காட்டும். இரண்டாவது, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். இந்தப் பெட்டிகளின் இசிசி ரேம் ஒரு பிட் தவறைத் தானே திருத்திக்கொள்ளும். அதனால் கெட்டுக்கொண்டிருக்கும் ரேமோடும் பெட்டி சமர்த்தாக ஓடும். தவறுகள் பதிவேட்டில் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பூட் ஆன உடனே எதுவும் தெரியாது. அரை மணி நேரம் பெட்டியை வேலை வாங்கிவிட்டுப் பார்க்க வேண்டும். 'CE' என்ற எண்ணிக்கை ஏறினால் ரேமை வேறு இடத்தில் மாற்றிப் போட்டு மறுபடியும் பார்ப்பேன். தவறு ரேமோடு நகர்ந்தால் பிரச்சினை இல்லை, ரேம் மலிவு. தவறு அதே இடத்தில் நின்றால் குறை பெரும்பாலும் போர்டிலோ சாக்கெட்டிலோ இருக்கிறது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தம்பியின் பெட்டியில் எண்ணிக்கை ஏறவில்லை.

வாங்கியாயிற்று. இனி மலிவான பகுதி.

முதலில் ரேம். கழித்துக் கட்டிய சர்வர்களிலிருந்து வரும் ரெஜிஸ்டர்டு ரேம் வீட்டு டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது. வாங்க ஆள் குறைவு என்பதால்தான் விலையும் குறைவு. நம் பெட்டிக்கோ அதுதான் வேண்டும். ரேம் சீட்டில் PC4-2133P-R என்பதுபோல் வேகத்தை அடுத்து R இருக்க வேண்டும். U அல்லது E இருந்தால் அது வேறு இனம். R-உடன் கலக்கக் கூடாது. இந்த பிராசசருக்கு ரேமோடு பேச நான்கு பாதைகள் உண்டு. கடைக்காரர் போட்டிருந்த ஒற்றை 8 ஜிபி ஒரு பாதையை மட்டும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. நான்கு 16 ஜிபி வாங்கி, பாதைக்கு ஒன்றாகப் போட்டோம். மொத்தம் 64, இன்னும் நான்கு இடம் காலி.

அடுத்து டிஸ்க். போர்டில் எம்.2 இடம் கிடையாது. ஆனால் சில நூறு ரூபாய் அடாப்டர் கார்டில் என்விஎம்இ டிரைவைப் பொருத்தி பிசிஐஇ இடத்தில் சொருகினால், பயாஸ் புதிதாக இருக்கும் பட்சத்தில் அதிலிருந்தே பூட் ஆகும். சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். இந்த வழியில் 3,000-ஐத் தாண்டலாம்.

மூன்றாவது பிராசசர். உள்ளே இருந்தது இ5-1603 வி3: நான்கு கோர், 2.8 கிகாஹெர்ட்ஸ், டர்போ கிடையாது. இங்கே வேலையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இ5-2680 வி4-இல் 14 கோர் உண்டு, ஆனால் ஒரு கோரின் வேகம் 3.3 வரைதான். இ5-1650 வி4-இல் ஆறு கோர்தான், ஆனால் 4.0 வரை போகும். ரெண்டர் எல்லாக் கோர்களையும் தின்னும். ஸ்கெட்ச்அப் பெரும்பாலும் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும். தம்பி பகல் முழுவதும் கை வைப்பது ஸ்கெட்ச்அப்பில். ரெண்டரைக் கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொள்ளட்டும் என்று 1650-ஐ எடுத்தோம்.

கிராபிக்ஸ் கார்டுக்குக் கணக்கு எளிது. பிசிஐஇ இடம் 75 வாட் தரும். இந்த 700 வாட் சப்ளையில் இருக்கும் இரண்டு ஆறு முள் வயர்கள் தலா 75. மொத்தம் 225. ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170. இரண்டு வயரையும் எட்டு முள்ளாக இணைக்கும் கேபிளோடு நிம்மதியாக ஓடும். ஒற்றை ஆறு முள்ளிலிருந்து எட்டாக மாற்றும் கேபிளும் விற்கிறார்கள். அதை வாங்கினால் ஒரே வயர் இரண்டு வயரின் சுமையை இழுக்கும்; பிளக் இளகும்.

தம்பியிடம் ஒன்றை மறைக்கவில்லை. இந்தத் தலைமுறை பிராசசர்கள் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பிளெண்டர் லினக்ஸில் ஓடும், ஸ்கெட்ச்அப் ஓடாது. விண்டோஸ் 11-தான் வேண்டும் என்கிறவர் கூடுதல் பணம் போட்டு, ஜியான் டபிள்யூ பொருத்திய அடுத்த தலைமுறை இசட்4 ஜி4 பக்கம் போவதே நல்லது. தம்பி கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு மூன்று வருடத்துக்கு இது போதும், பெட்டியை நெட்டில் இணைக்காமல் வாடிக்கையாளர் கோப்புகளை இதில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

கிளம்பும்போது கழற்றிய 1603-ஐக் கையில் எடுத்தார். "இது குப்பைதானே அண்ணா?"

வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். பழைய பயாஸ் உள்ள இசட்440-இல் வி4 பிராசசரை நேரடியாக மாட்டினால் பெட்டி எழுந்திருக்காது. முதலில் ஒரு வி3 போட்டு எழுப்பி, பயாஸை அப்டேட் செய்து, அதற்குப் பிறகே மாற்ற வேண்டும். அடுத்து யாராவது இருட்டுத் திரையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அதை எழுப்பப்போவது இந்த நான்கு கோர்தான்.