இதயத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஓசூர் ஸ்கேன் மையத்தின் வரவேற்பறையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து கேட்டன. சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு வந்திருந்த கணவர்கள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார்கள். கருவின் பாலினம் சொல்லப்படாது என்ற அறிவிப்பு சுவரில் பெரிதாக இருந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளே போகும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்பினார்கள்.

ஐந்தாம் மாத ஸ்கேன், டிஃபா ஸ்கேன் என்று இங்கே சொல்கிறார்கள். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பது. 24 வயதுப் பெண் ஒருவரும் அவர் கணவரும் சம்மதித்ததால் நானும் உள்ளே உட்கார்ந்தேன். அவருக்கு அன்று 19 வாரம்.

டாக்டர் தலையில் தொடங்கினார். மூளைக்குள் நீர் தேங்கும் அறையின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், இருந்தது. சிறுமூளை, மேலுதடு, பிறகு முதுகெலும்பு மேலிருந்து கீழ்வரை. இரைப்பை, சிறுநீரகங்கள், வயிற்றுச் சுவர், கைகால் எலும்புகள், நஞ்சுக்கொடி இருக்கும் இடம் எல்லாம் பார்த்தாயிற்று. இதயத்துக்கு மட்டும் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். நான்கு அறைகள் தெரிந்தால் போதாது, அங்கிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான்கு அறைப் படம் சரியாக இருந்தும் குழாய்களில் கோளாறு இருக்கும் குழந்தைகள் உண்டு. குழந்தை குப்புறக் கிடந்ததால் தாயைச் சிறிது நேரம் நடந்துவிட்டு வரச் சொன்னார்.

திரும்பி வந்தபோதுதான் அது தெரிந்தது. இடது கீழறையில், துடிப்போடு சேர்ந்து அசையும் சின்ன வெள்ளைப் புள்ளி. டாக்டர் இயந்திரத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார். பக்கத்து விலா எலும்பு மங்கும் வரை புள்ளியும் மங்காமல் நின்றது. எலும்புக்கு இணையான வெண்மை இருந்தால்தான் அதைக் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கோணத்தில் மட்டும் மினுக்குவது ஒலியலையின் பிரதிபலிப்பாக இருக்கலாம் என்பதால் வேறு கோணத்திலும் பார்த்தார். அங்கேயும் இருந்தது.

“என்ன மேடம், ஹார்ட்ல ஓட்டையா?” கணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“ஓட்டை இல்லப்பா, உட்காருங்க. இதயத் தசையில ஒரு இடத்துல சுண்ணாம்புச் சத்து படிஞ்சிருக்கு. இதனால இதயம் வேலை செய்யறதுல எந்தக் குறையும் இல்ல. நல்லா இருக்கிற நூறு குழந்தைகள்ல மூணு, நாலு பேருக்கு இது இருக்கும்.”

“அப்புறம் ஏன் மேடம் எழுதறீங்க?”

அந்தக் கேள்விக்கு அவர் அவசரப்படாமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இத்தகைய புள்ளி சற்று அதிகமாகக் காணப்படுகிறது. அதனால் இதை ‘சாஃப்ட் மார்க்கர்’ என்கிறார்கள்; குறைபாடு அல்ல, ஒரு குறிப்பு மட்டும். பிறகு 12ஆம் வாரத்து ரிப்போர்ட்டைக் கேட்டார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்த்து, வாய்ப்பு 2,400-ல் ஒன்று என்று அதில் இருந்தது. “வேற எதுவும் இல்லாம இந்தப் புள்ளி மட்டும் இருந்தா இந்த எண் மாறாதும்மா. அன்னைக்கு 2,400-ல் ஒண்ணு, இன்னைக்கும் அதேதான். ஊசி போட்டு நீர் எடுக்கிற பரிசோதனை உங்களுக்கு வேண்டாம்.”

பிடரித் தோலின் தடிப்பு 6 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தாலோ, மூக்கெலும்பு தெரியாமல் இருந்தாலோ பேச்சு வேறாக இருந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் அந்த வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துபவை. அவை இரண்டையும் அளந்து, சரியாக இருப்பதைத் திரையிலேயே காட்டினார். 12ஆம் வாரப் பரிசோதனை செய்யாதவர்களுக்குத் தாயின் ரத்தத்தில் செய்யும் சோதனையைப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்.

“அப்ப டவுன் இல்லேன்னு எழுதித் தருவீங்களா?” அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

“முடியாதும்மா. ஸ்கேன்ல உருவம் தெரியும், குரோமோசோம் தெரியாது.” டவுன் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த ஸ்கேனில் எதுவுமே தெரியாமல் போகலாம். அதை மறைக்காமல் சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. உண்மையை முழுதாகக் கேட்டவருக்கு வரும் தெளிவு அது.

பயம் பெரும்பாலும் அறைக்கு வெளியேதான் வளர்கிறது என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் புள்ளியின் பெயரை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், அதை வீட்டில் ஒருவர் கைபேசியில் தேடுவார். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு அலைச்சல் தொடங்கிவிடும். இந்த டாக்டர் அதே பக்கத்தில், “தனித்த புள்ளி, முந்தைய வாய்ப்பில் மாற்றமில்லை, மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை” என்றும் எழுதினார். எல்லா ரிப்போர்ட்டிலும் இந்த வரி இருக்க வேண்டும்.

ஐந்தாம் மாத ஸ்கேனை 20 வாரத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே பெரிய குறை தெரிந்தால் அடுத்த பரிசோதனைக்கும் முடிவுக்கும் நாள் வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புக்கு மருத்துவக் குழுவின் அனுமதி தேவை. போகும்போது 12ஆம் வார ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். புள்ளி என்று ஏதாவது சொன்னால், “இது மட்டும்தானா, வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று அந்த அறையிலேயே கேட்டுவிடுங்கள்.