எட்டுச் சீப்பு வாழைப்பழம்

அறுவடைத் திருநாள் ஆராதனைக்குப் பிறகு மண்டபத்தில் தேநீர் கொடுப்பது எங்கள் சபையில் வழக்கம். வடை, கேக், பற்றீஸ் எல்லாம் வீடுகளிலிருந்து வரும். பழங்களை வாங்கும் பொறுப்பு மூன்று வருடங்களுக்கு முன் வாலிபர் சங்கமான எங்களிடம் தரப்பட்டது. சமையலறையைக் கவனிக்கும் அன்ரி சனிக்கிழமை காலையில் தொலைபேசியில் பட்டியலைச் சொன்னார். காரில் இருந்தபடியே ஒருவர் கேட்க, ஒருவர் எழுதினோம்.

"பிள்ளையள், வாழைப்பழம் எட்டுச் சீப்பு எடுங்கோ" என்றார்.

நாங்கள் எழுதியது: வாழைப்பழம் 8.

இடையில் வந்த 'சீப்பு' எங்களுக்குப் பிடிபடவில்லை. எங்களுக்குத் தெரிந்த சீப்பு தலை வாருவது. தொலைபேசியில் ஏதோ தவறாகக் கேட்டுவிட்டது என்று விட்டுவிட்டோம். பழக்கலவைக்கு எட்டுப் பழம் போதும்தானே என்று எங்களில் ஒருவர் விளக்கமும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது பேருக்கு எட்டு வாழைப்பழம். அன்ரி பையைத் திறந்து பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் கேட்டறிந்தோம். வாழை மரம் ஒரு முறைதான் குலை தள்ளும். நீண்ட தண்டில் முதலில் பெரிய பொத்தி வரும். பொத்தியின் மடல் ஒவ்வொன்றாக விரியும்போது, ஒவ்வொரு மடலின் கீழும் பூக்கள் இரண்டு வரிசையாக நெருங்கி நிற்கும். அந்த ஒரு மடலின் பூக்கள் காயானால் அதுதான் ஒரு சீப்பு. அடியில் ஒரே கட்டையில் ஒட்டிக்கொண்டு, காய்கள் பல்லுப் பல்லாக நிற்கும். தலை வாரும் சீப்பை அருகில் வைத்துப் பாருங்கள், பெயர் ஏன் வந்தது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பல சீப்புகள் சேர்ந்த முழுத்தண்டுதான் குலை. எங்கள் சபைக்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் சில அதையே தார் என்கின்றன. குலையில் மேலே, தண்டின் அடிப்பக்கம் இருக்கும் முதற்சீப்புகள் பெரியவை. கீழே போகப் போகப் பழங்களும் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு தாத்தா எங்களிடம் சொன்னார், "வீட்டுக்கு வந்த ஆளுக்குக் கடைசிச் சீப்பு வெட்டிக் குடுக்கிறேல்லை." சீப்புக்குள்ளும் மரியாதை இருந்திருக்கிறது.

மலேசியாவிலிருந்து வந்த ஒரு அக்கா இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். மலாய் மொழியிலும் வாழைப்பழத்தைச் சீப்புக் கணக்கில்தான் சொல்வார்களாம். தலை வாரும் 'சிக்காட்' என்ற சொல்தான் அங்கேயும். தாய்லாந்து மொழியிலும் அப்படியே, 'வீ' என்றால் தலைச்சீப்பு, வாழைச் சீப்பு இரண்டும். ஆங்கிலத்தில் வாழை வியாபாரிகள் மட்டும் இதைக் 'கை' என்றும், தனிப்பழத்தை 'விரல்' என்றும் சொல்கிறார்கள். ஆனால் ரொறன்ரோக் கடையில் நிற்கும் ஒருவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் விளங்காது. இங்கே எல்லாமே 'பஞ்ச்'. முழுக்குலையும் பஞ்ச், கடையில் இருக்கும் ஐந்து பழமும் பஞ்ச், கொத்தமல்லியும் பஞ்ச்.

அடுத்த வருடம் நாங்கள் விழுந்த குழி இதுதான். சீப்பு என்றால் பஞ்ச் என்று படித்துக்கொண்டு, ஸ்காபரோவில் ஒரு பெரிய கடைக்குப் போய் எட்டு பஞ்ச் எடுத்து வந்தோம். பெருமையாகத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தோம். அன்ரி பழங்களை எண்ணினார். நாற்பத்தாறு.

"இது சீப்பில்லை, சீப்பின்ர துண்டு" என்றார்.

அவர் சொன்னது சரி. அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளிலிருந்து இங்கே வரும் வாழை, தோட்டத்தில் முழுக்குலையாகத்தான் வெட்டப்படுகிறது. பொதி செய்யும் கொட்டகையில் குலையிலிருந்து சீப்புகளைப் பிரித்து, வாழைப்பால் கறை பிடிக்காதபடி தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு சீப்பையும் கத்தியால் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். ஐந்தோ ஆறோ பழம் உள்ள துண்டு பெட்டியில் ஒழுங்காக அடங்கும், ஒரு குடும்பம் தூக்கிக்கொண்டு போகவும் சுகம். பச்சைக் காயாகவே குளிரூட்டிய கப்பலில் வந்து, இங்குள்ள அறைகளில் எதிலீன் வாயு கொடுத்துப் பழுக்க வைக்கப்படுகிறது. கடையில் விலை எழுதியிருப்பது இறாத்தலுக்கு. ஆகவே கடைக்காரருக்கு அது எத்தனை பழத்துண்டு என்பது முக்கியமில்லை. அந்தத் துண்டுக்குத் தமிழில் தனிப்பெயரும் இல்லை. ஊரில் சீப்பை யாரும் அப்படி வெட்டி விற்கவில்லை, பெயர் எதற்கு?

அன்ரி மனதில் வைத்திருந்த சீப்பில் பதினைந்து பழம் வரும். எட்டுச் சீப்பு என்றால் நூற்றிருபது. வருகிற ஆட்களின் தொகையும் அதுவே. அவர் ஆளுக்கொரு பழம் என்று கணக்குப் பார்த்துத்தான் 'எட்டு' என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் எட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு, எதை எண்ணினார் என்பதை இரண்டு முறை தொலைத்திருக்கிறோம். தமிழ்க் கடைகளில் சின்னக் கதலிப்பழம் சில நேரம் முழுச் சீப்பாகக் கிடைக்கும். ஆனால் அதையும் கையில் எடுத்து எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சீப்பு டசின் மாதிரி இல்லை. டசின் எந்தக் கடையிலும் பன்னிரண்டு. சீப்பு இனத்துக்கு இனம், குலைக்குக் குலை மாறும்.

இதற்குள் பட்டியல் எழுதும் வேலை எங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'பழம் - பழங்கள்' என்று மனப்பாடம் செய்த ஆட்கள் நாங்கள். ஆகவே முதலில் 'எட்டுச் சீப்புகள் வாழைப்பழங்கள்' என்று எழுதினோம். ஒருவர் ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு 'வாழைப்பழங்களின் எட்டுச் சீப்புகள்' என்றே எழுதிவிட்டார். அன்ரி வாசித்துவிட்டு, "இதென்ன, பத்திரம் எழுதுறியளோ?" என்று கேட்டார். எண்ணை முன்னால் வைத்து, சீப்பையும் பழத்தையும் 'கள்' சேர்க்காமல் விட்டால் போதும். எட்டுச் சீப்பு வாழைப்பழம், மூன்று பிடி கீரை, இரண்டு இறாத்தல் பாண். பட்டியலில் பொருளை முன்னால் போட்டு 'வாழைப்பழம் எட்டுச் சீப்பு' என்றும் எழுதலாம். தேங்காய்க்கும் முட்டைக்கும் இடையில் ஒரு சொல்லும் தேவையில்லை. ஐந்து தேங்காய், பத்து முட்டை, அவ்வளவுதான். ஆட்கள் என்று வந்தால் மட்டும் கவனம் வேண்டும். மூன்று தேங்காய் என்று சொல்லும் அதே வாய் 'மூன்று பிள்ளைகள்' என்றுதான் சொல்லும், அல்லது 'மூன்று பேர்' என்று சொல்லும்.

அதே வருடம் குளிர்காலத்துக்கு உடுப்புச் சேர்த்தோம். இம்முறை எங்களுடைய தமிழைத் திருத்தியது செருப்பும் காற்சட்டையும். புதிதாக வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு என்ன தேவை என்று எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். அதில் 'ஒரு சோடி காற்சட்டை' என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு காற்சட்டையையும் சோடி என்றுதானே சொல்கிறோம், அதை அப்படியே தமிழில் கொண்டுவந்துவிட்டோம். ஒரு அம்மம்மா இரண்டு காற்சட்டை தைக்கக் கொடுத்து, ஒரே துணியில், ஒரே நிறத்தில் கொண்டுவந்தார். "சோடி எண்டு போட்டிருந்தியள்" என்றார். தமிழில் சோடிக்கு இரண்டு வேண்டும். செருப்பு, தோடு, காப்பு, காலுறை எல்லாம் சோடி. காற்சட்டைக்கு இரண்டு கால் இருந்தாலும் அது ஒன்றுதான். கத்தரிக்கோலும் மூக்குக்கண்ணாடியும் அப்படியே. ஆனால் 'இரண்டு சோடி உடுப்பு' என்றால் மேலுக்கும் கீழுக்குமாக இரண்டு முறை மாற்றக்கூடிய உடுப்பு. இதையும் அந்த அம்மம்மாதான் சொல்லித் தந்தார்.

செருப்பில் இன்னொன்றும் உண்டு. 'ஒரு செருப்பு வாங்கினேன்' என்று யாராவது சொன்னால், இரண்டு காலுக்கும் வாங்கினார் என்றே எடுத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் என்றால் 'ஒற்றைச் செருப்பு' என்று தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து, வாசலில் முப்பது சப்பாத்து குவிந்திருக்கும் இடத்தில், ஒரு அங்கிள் "என்ர ஒற்றைச் சப்பாத்தைக் காணேல்லை" என்றால் தேட வேண்டியது எது என்று இப்போது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தில் சோடி 'ஜோடு' என்று வரும். ஆமோஸ் 2:6-இல் ஒரு ஏழையின் விலையாகச் சொல்லப்படும் பாதரட்சைக்கு அந்தச் சொல்தான். லூக்கா 14-இல் விருந்துக்கு வர மறுக்கும் மனிதன் வாங்கியது 'ஐந்தேர்மாடு'. வேதப்படிப்பில் எத்தனை மாடு என்று கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஐந்து என்றோம். ஓர் ஏருக்கு இரண்டு மாடு பூட்ட வேண்டும், ஆகவே பத்து. ஒற்றை மாட்டை வைத்து அவனுக்கு உழவு நடக்காது, அதனால் அவன் மாட்டை ஏர்க்கணக்கில் வாங்குகிறான். வாழைப்பழத்தில் அடிபட்ட பிறகுதான் இது எங்களுக்குச் சட்டென்று விளங்கியது. பத்து மாட்டை வாங்கிவிட்டுப் பார்க்காமல் விருந்துக்குப் போக யாருக்கு மனம் வரும் என்று அவனுக்காகக் கொஞ்சம் வாதாடியும் பார்த்தோம்.

இந்த வருடம் அன்ரி மறுபடியும் தொலைபேசியில் சொன்னார். "வாழைப்பழம் எட்டுச் சீப்பு." இம்முறை காரை நிறுத்திவிட்டு எழுதினோம். "அன்ரி, எந்தச் சீப்பு? பதினைந்து பழச் சீப்புத்தானே?" என்று கேட்டோம். மறுமுனையில் சிரித்தார். கடையில் பழத்தை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் முழுப்பெட்டியாகத் தர முடியுமா என்று கேட்டோம். பெட்டி பதினெட்டுக் கிலோ, அதில் நூறு பழமளவில் இருந்தது. அதோடு அடுக்கிலிருந்து நான்கு துண்டும் எடுத்தோம். பட்டியலில் இப்படி எழுதி அன்ரியிடம் கொடுத்தோம்: வாழைப்பழம் எட்டுச் சீப்பு, அதாவது ஒரு பெட்டியும் நாலு துண்டும்.

ஆராதனை முடிந்து மண்டபத்தைக் கூட்டும்போது தட்டில் மூன்று பழம் மிஞ்சியிருந்தது. அதை அன்ரியே வீட்டுக்குக் கொண்டுபோனார்.