இருபத்தைந்தாம் டிகிரி வரை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வருவோர் மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரத்தில் வெண்குவியல்களைக் காண்பர். அவை உப்பளங்கள். இக்கரையில் உப்பும் இசையும் பழைய தோழர்கள். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், சிறிய யாழை ஏந்திய பாணன் செல்லும் வழியில் எயிற்பட்டினம் என்னும் துறை வருகிறது; அது இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். உப்பு வணிகரின் வண்டிகளும் அந்நூலில் உண்டு.

இந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இசை கற்பித்த ஆசிரியர் ஒருவர், அண்மையில் பணி நிறைவு பெற்றார். ஊரார் அவரைப் பாட்டு வாத்தியார் என்றே அழைப்பர். ஞாயிறு திருப்பலிக்கு வயலின் வாசிக்கும் இளைஞர் யாவரும் அவரிடம் கற்றவர்களே. விழாவில் பொன்னாடைகளும் பாராட்டுரைகளும் முடிந்தபின் அவர் ஏற்புரை ஆற்ற எழுந்தார். நன்றி சொல்லி அமர்ந்துவிடுவார் என்றே நாம் எண்ணினோம். அவரோ, ஒரு கருவியை எப்படிக் கற்பது என்னும் ஒரே பொருளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவ்வுரையில் நம் மனத்தில் நின்றவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

"பிள்ளைகளே, உங்கள் பெற்றோரில் பலர் அளத்தில் வேலை செய்கிறவர்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன்" என்றார் அவர். கடல் நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி. அந்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைக்கின்றனர். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று டிகிரி ஏறுகிறது. ஆனால் உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. நீரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகி, 25 டிகிரியை எட்டும்போதுதான் முதல் மணிகள் தரையில் படிகின்றன. அதுவரை பார்ப்பவருக்கு அது வெறும் நீரே. இருபதாம் டிகிரியில் ஒருவர் மனம் சோர்ந்து மடையைத் திறந்துவிட்டால், வீணாவது அன்றைய ஒரு நாள் வெயில் அன்று. அத்தனை நாள் வெயிலும் வீணாகிறது.

"அப்படியானால் அளத்துக்காரர் எதை நம்பிக் காத்திருக்கிறார்? கண்ணை நம்பி அல்ல. நீரில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழலை நம்பி. நேற்று பதினாறு, இன்று பதினேழு என்று அது காட்டுகிறது. கருவி கற்பவனுக்கும் அப்படி ஓர் அளவுகோல் வேண்டும். அது இல்லாதவனிடம் பொறுமையாய் இரு என்று சொல்வதில் பயன் இல்லை" என்றார்.

இதுவே அவருடைய உரையின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம். பொறுமை என்றால் எதையும் பாராமல் காத்திருத்தல் என்று பலர் நினைக்கின்றனர். அவரோ, காதுக்கு எட்டாத வளர்ச்சியைக் கண்டுபிடிக்கும் வழியையே பொறுமையின் முதற்படியாகக் காட்டினார்.

வயலின் கற்க வரும் பிள்ளைக்கு அவர் முதல் வாரங்களில் விரல் வைக்கவே கற்றுத் தருவதில்லை. வெறுந்தந்தியில் வில்லை முனை முதல் அடி வரை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். குதிரைக்கு இணையாக வில் நேராகச் செல்ல வேண்டும். அது விரற்பலகையின் பக்கம் நழுவினால் ஒலி காற்றுப் போலாகும். குதிரையை மிக நெருங்கினால் கீச்சிடும். கட்டை விரல் இறுகினால் வில் நடுவில் துள்ளும். இவற்றை யாரும் சொல்லாமலே பிள்ளை காதால் கண்டறியலாம். ஆனால் நாதம் இனிமையாக மாதங்கள் பல ஆகும். அதற்கிடையில் எண்ணுவதற்கு ஒன்று வேண்டும். ஒரே இழுப்பில் ஒலி நடுங்காமல் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணச் சொல்வார். முதல் வாரத்தில் நான்கு. அது ஐந்தான நாளன்று ஒலி இனிமையாகிவிடவில்லை. ஆயினும் டிகிரி ஒன்று ஏறிவிட்டது.

பிறகு அவர் ஒரு மாணவியின் கதையைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, அச்சிறுமி கூட்டத்தில்தான் இருந்தாள். பெற்றோர் இருவரும் உப்பளத் தொழிலாளர். பருவக்காலத்தில் விடியுமுன்னே அவர்கள் அளத்துக்குப் போய்விடுவர். தம்பியைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு. வீட்டில் வயலின் இல்லை. பள்ளி தொடங்குமுன் கிடைக்கும் பதினைந்து நிமிடமே அவளுடைய பயிற்சி நேரம்.

சரளி வரிசைக்கு வந்தபோது அவள் ஓரிடத்தில் சிக்கினாள். சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. அதில் சட்சத்தை அடுத்து ரிஷபம் மிக நெருங்கி நிற்கும். காந்தாரமோ எட்டி நிற்கும். மத்திமம் மறுபடியும் காந்தாரத்தை ஒட்டியிருக்கும். ஆகவே முதல் விரல் பின்னால் இருக்க, இரண்டாம் விரலை நன்றாக நீட்டி வைக்க வேண்டும். சிறிய கைக்கு அது கடினம். அவளுடைய காந்தாரம் எப்போதும் தாழ்ந்தே ஒலித்தது. அதனால் அதையடுத்த மத்திமமும் தாழ்ந்தது. அவளோ வரிசை முழுவதையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். நாளாக நாளாகத் தவறு குறையவில்லை, உறுதிப்பட்டது. தனக்குக் கை வராது என்று ஒருநாள் வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

"தவறாக நூறு முறை வாசித்தால், தவறுதான் பழகும். அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்காதீர்கள்" என்றார் ஆசிரியர்.

அவர் அவளுக்கு வரிசையை நிறுத்திவிட்டு இரண்டே சுரங்களைக் கொடுத்தார்: ரிஷபம், காந்தாரம். சுருதிப் பெட்டி ஒலிக்க, மெதுவாகப் பத்து முறை வாசிக்க வேண்டும். காந்தாரம் சரியான இடத்தில் விழுந்தால் சட்சத்தோடு கலந்து ஒலி அசையாமல் நிற்கும். சற்றே தாழ்ந்தாலும் இரண்டுக்கும் இடையே அலையடிப்பது போன்ற உதறல் கேட்கும். அவளே கேட்டு, பத்தில் எத்தனை சரி என்று நோட்டில் எழுத வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் வில்லைக் கீழே வைத்து, கையை உதறிவிட்டுத் தொடங்க வேண்டும்.

அந்த நோட்டை அவர் மேடையில் வாசித்தார். முதல் நாள் பத்துக்கு மூன்று. இரண்டாம் வாரத்தில் நான்கு, ஐந்து; ஒரு நாள் மீண்டும் இரண்டு. ஆறாம் வாரத்தில் எட்டு. அப்போது மத்திமத்தைச் சேர்த்தார். எண் நான்குக்கு இறங்கியது. சிறுமி அழுதாளாம். புதிய சுமை ஏறும்போது எண் இறங்குவது இயல்பே என்று அவர் விளக்கினார். முன்பு மூன்றிலிருந்து தொடங்கியவள் இப்போது நான்கிலிருந்து தொடங்குகிறாள் என்று நோட்டிலேயே காட்டினார். பதினோராம் வாரத்தில் எட்டுச் சுரங்களும் முதற் காலத்தில் பிழையின்றி வந்தன. பிழையின்றி ஐந்து முறை தொடர்ந்து வாசித்த பின்னரே, தட்டுக்கு இரண்டு சுரம் வரும் இரண்டாம் காலத்துக்குப் போக விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சேர்த்து வாசித்தால் ஆகாதா என்று பெற்றோர் கேட்பதுண்டாம். ஆகாது என்பதே அவர் விடை. களைத்த விரல் தவறான இடத்தில் விழும். களைத்த காது அதைக் கேட்காது. இதற்கு மற்றொரு காரணமும் உண்டு என்பதை நாம் இங்கே சேர்க்க விரும்புகிறோம். 2002-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்களைச் சோதித்தனர். ஓர் இரவு உறங்கியெழுந்தபின், இடையில் பழகாமலே, அவர்களுடைய வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. அப்படியானால் பயிற்சியின் ஒரு பகுதி உறக்கத்தில் நடைபெறுகிறது. நாள்தோறும் பதினைந்து நிமிடம் வாசிப்பவருக்கு வாரத்தில் ஏழு இரவுகள் துணை நிற்கின்றன. ஞாயிறு மட்டும் வாசிப்பவருக்கு ஒன்றே.

பெரியவர்களுக்கும் இதே வழிதான் என்பதற்கு அவர் பாலுசுவாமி தீட்சிதரை எடுத்துக்காட்டினார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியான இவர் 1786-இல் பிறந்தவர். சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்தோடு வாழ்ந்தபோது, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இசைக் குடும்பத்தில் பிறந்து, சுரங்களில் ஊறியவர் அவர். ஆயினும் அக்கருவிக்கு மூன்று ஆண்டுகள் கொடுத்தார். அதன்பின்னரே அதை நம் இசைக்குப் பொருத்தினார். இன்று வயலின் இன்றிக் கருநாடக இசைக் கச்சேரியை எண்ணிப்பார்ப்பதே அரிது. "சுரம் தெரிந்தவருக்கே மூன்று ஆண்டு ஆயிற்று. மூன்று வாரத்தில் வரவில்லையே என்று நீங்கள் ஏன் வருந்த வேண்டும்?" என்று அவர் கேட்டபோது பிள்ளைகள் சிரித்தனர்.

இறுதியில் அவர் குரல் தாழ்ந்தது. அவருடைய இடத்துக்கு வேறோர் ஆசிரியர் வருவாரா என்பது அன்று எவருக்கும் தெரியாது. அலமாரியில் நான்கு வயலின்கள் இருந்தன. கடற்காற்றில் அவை பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை அவர் வரிசையாகச் சொன்னார். உப்பு ஈரத்தில் எஃகுத் தந்தி துருப்பிடிக்கும், வில்லின் மயிர் ஈரத்தில் நீண்டு தொய்யும், மழைக்காலத்தில் பிருடை உப்பித் துளையில் இறுகிவிடும், கோடையில் சுருங்கி வழுக்கும், ஒட்டுக்கள் விட்டுப்போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்து, வில்லைத் தளர்த்தி வைத்தால் போதும். நாள்தோறும் எடுக்கப்படும் கருவியின் பழுது உடனே கண்ணில் படும். "எனக்குப் பரிசு வேண்டாம். இந்த அலமாரியை நாள்தோறும் திறங்கள். கருவி கெடுவதும் கை கெடுவதும் ஒரே பூட்டினால்தான்" என்று கூறி, சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தார்.

இதை எழுதும் வரையில் புதிய ஆசிரியர் வரவில்லை. ஆனால் மேல் வகுப்பு மாணாக்கர் இருவர் காலை எட்டரை மணிக்கு அலமாரியைத் திறக்கின்றனர். அவர்களால் புதிய பாடம் சொல்லித் தர இயலாது. தாங்கள் கற்றதைக் கேட்டுச் சரிபார்க்க இயலும். காந்தாரத்தில் சிக்கிய அச்சிறுமி இப்போது இரண்டாம் காலத்தில் இருக்கிறாள். சென்ற வாரம் நாம் அந்த வழியே போனபோது அவளுடைய நோட்டைப் பார்த்தோம். கடைசி வரியில் பத்துக்கு ஆறு என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் வரியில் ஐந்து.