அக்காவுக்கு நான்கு ஊர்களிலிருந்து ஒரு வாழ்த்து

ரொம்ப நாளாக ஒன்றும் எழுதவில்லை என்று பலர் உரிமையோடு கோபித்துக்கொண்டீர்கள். இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1978இல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தபோது விடுதியில் ஒரே அறையில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். ஒருத்தி இப்போது இல்லை. மிச்சம் ஆறு பேரில் மூத்தவரை அன்று முதல் இன்றுவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். வீட்டுச் சூழலால் நான்கு வருடம் தாமதமாகப் பயிற்சிக்கு வந்தவர் அவர். இப்போது சின்னாளபட்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் அவருக்கு எழுபது வயது நிறைந்தது.

பெயர் போடாதே என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆகவே ஊர்ப் பெயரால் சொல்கிறேன். ஒருத்தி கோவை, ஒருத்தி திருநெல்வேலி, ஒருத்தி சென்னை, ஒருத்தி பெங்களூரு. திண்டுக்கல்லில் இருப்பவள் நான்.

முதலில் போன வருடம் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரிடமும் வாழ்த்து எழுதி அனுப்பச் சொன்னேன். வந்ததையெல்லாம் ஒரு தாளில் சேர்த்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, கையில் பேனா இருந்தால் இந்த டீச்சருக்குச் சும்மா இருக்க முடியாது. கோவைக்காரி எழுதிய “சொல்லுங்க்கா”வை “சொல்லுங்கள் அக்கா” ஆக்கினேன். நெல்லைக்காரியின் பாதி வாக்கியங்களை முடித்து வைத்தேன். ஒற்றுப் பிழைகளையெல்லாம் திருத்தி, அழகாகக் கோத்துக் கொடுத்தேன். அக்காவின் மருமகள் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

கேட்டு முடித்ததும் அக்கா, “நல்லா இருக்கு. ஆனா இது உன் கடுதாசிடி. மத்தவளுக எங்க?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யோசித்தால் காரணம் புரிந்தது. விடுதியில் ஒரே தாளில் ஆளுக்கு நாலு வரி எழுதுவோம். அப்போது கையெழுத்தே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். தட்டச்சு செய்ததும் கையெழுத்து போய்விட்டது. நான் திருத்தியதும் பேச்சு போய்விட்டது. ஒரே ஆள் வாசித்ததும் குரலும் போய்விட்டது. பார்வை இல்லாதவருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

அதனால் இந்த வருடம் எழுத்தே வேண்டாம், பேசி அனுப்புங்கள் என்றேன். குரல் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். சென்னைக்காரி முதலில் பேசி அனுப்பினாள். “எல்லா வளமும் பெற்று நூறாண்டு வாழ்க” என்று முடித்திருந்தாள். அதைக் கேட்டுவிட்டு கோவைக்காரி அனுப்பினாள். அதிலும் எல்லா வளமும், நூறாண்டும். குரல் மட்டும்தான் வேறு. பரீட்சை ஹாலில் முன் பெஞ்சைப் பார்த்து எழுதிய விடை மாதிரி இருந்தது. குற்றம் அவர்கள் மேல் இல்லை. மற்றவர் பேசியதைக் கேட்ட பிறகு நாமும் அப்படித்தான் பேச வேண்டும் போல என்று யாருக்கும் தோன்றும்.

அந்த இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தபோது நன்னூல் நினைவுக்கு வந்தது. ஒரு நூலைப் பாராட்டிச் சிறப்புப்பாயிரம் எழுத யாருக்கு உரிமை என்று பவணந்தி முனிவர் ஒரு சூத்திரத்தில் சொல்கிறார். நூல் செய்தவனின் ஆசிரியர், கூடப் படித்தவன், மாணவன், உரை எழுதியவன் என்று நான்கு பேர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் அடுத்தவர் எழுத வேண்டும், சரி. ஆனால் ஏன் நான்கு வகையாகப் பிரித்தார்? எனக்குப் பட்டது இதுதான்: நான்கு பேரும் நான்கு இடத்தில் நின்று பார்க்கிறார்கள். ஆசிரியர் கண்டது மாணவனுக்குத் தெரியாது, மாணவன் கண்டது கூடப் படித்தவனுக்குத் தெரியாது. பழைய பதிப்புகளைப் புரட்டினால் ஒரே நூலுக்குப் பல புலவர்கள் பாடிய பாயிரங்கள், இன்னார் இயற்றியது என்ற தலைப்போடு தனித்தனியாக அச்சாகியிருக்கும்.

எங்கள் நால்வரில் ஒவ்வொருத்தியும் அக்காவை எங்கே நின்று பார்த்தாள் என்று யோசித்தேன். குழுவை விட்டுவிட்டு ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அழைத்தேன். வாழ்த்துச் சொல்லச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

கோவைக்காரிக்கு அக்காதான் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். “எந்தக் கணக்குடி உனக்கு வராம இருந்துச்சு?” என்று கேட்டேன். நெல்லைக்காரி சமையல் கட்டில் அக்காவுக்குக் கூட்டாளி. “முறுக்குத் தூக்கை வார்டன் கண்டுபிடிச்ச அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றேன். சென்னைக்காரி அக்காவோடு ஒரே பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். வகுப்பில் அக்கா எப்படிப் பேசுவார் என்று சொல்லச் சொன்னேன். பெங்களூருக்காரிக்கும் ஒரு கேள்வி இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று நிபந்தனை போட்டேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பேச வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பிறந்தநாள் வாழ்த்து என்ற சொல்லையே சொல்லக் கூடாது. அது கடைசியில் ஒரே ஒரு தடவை வந்தால் போதும், அதை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

சென்னைக்காரி மறுபடியும் எழுதி வைத்து வாசித்து அனுப்பினாள். கேட்ட உடனே தெரிந்துவிடும். வாசிக்கிறவர்கள் மூச்சு விடும் இடம் எல்லாம் கமாவிலும் முற்றுப்புள்ளியிலும் விழும். பேசுகிறவர்கள் நடுவாக்கியத்தில் சிரிப்பார்கள், சொல்லைத் தேடுவார்கள். “தாளைக் கிழிச்சுப் போடு. நான் எதிர்ல உட்கார்ந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லு” என்றேன். மூன்றாம் தடவைதான் அவள் குரல் வந்தது.

அடுத்து ஒரு சிக்கல். முறுக்கு விஷயம் நான் நெல்லைக்காரியிடம் மட்டும்தான் கேட்டேன். கணக்கைச் சொல்லிவிட்டு கோவைக்காரியும் அதையே சொல்லியிருந்தாள். அவள் கணக்கில் தூக்கு கட்டிலுக்கு அடியில் இருந்தது, அக்கா அழுதார். நெல்லைக்காரியின் கணக்கில் தூக்கு துணிப்பெட்டியில் இருந்தது, “ஏட்டி, அக்கா சிரிச்ச சிரிப்புல வார்டனும் சிரிச்சிட்டாவ.” ஒன்றை வெட்டிவிடலாமா என்று கை போனது. போன வருடம் செய்ததும் அதுதானே! இரண்டையும் வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்து வரும்படி வைத்தேன்.

இப்போது பெங்களூரு. அவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நாலைந்து நொடி ஆகும். அவள் மகள், “ஆன்ட்டி, அம்மா சொல்றதை நான் பேசிடறேனே. கேட்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்” என்றாள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அவள் பேசினால் அது அவளுடைய வாழ்த்து. “அம்மாவே பேசட்டும்மா, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி” என்றேன். கேள்வியை மட்டும் சின்னதாக்கினேன்: “அக்காவை நீ மட்டும் எப்படிக் கூப்பிடுவே? ஏன்?”

95 நொடியில் பதினோரு சொல் பேசி அனுப்பினாள்.

நான்கையும் கோப்பது என் பேரன் வேலை. மடிக்கணினியில் Audacity என்ற செயலியில் வைத்தான். நெல்லைக்காரி சத்தம் பெரிது, கோவைக்காரி சத்தம் சின்னது. அதை மட்டும் சமப்படுத்தச் சொன்னேன். அவன் உற்சாகத்தில் இன்னும் இரண்டு வேலை செய்துவிட்டான். Noise Reduction போட்டு இரைச்சலை நீக்கினான், Truncate Silence போட்டு நீண்ட மௌனங்களைச் சுருக்கினான். பெங்களூருக்காரியின் 95 நொடி 41 ஆகிவிட்டது.

போட்டுக் காட்டினான். சொற்கள் எல்லாம் இருந்தன. அவள் இல்லை. யாரோ ஒரு பாட்டி மூச்சு வாங்காமல் சொற்களை அடுக்குவது போல இருந்தது. இரைச்சலை நீக்கியதில் அவள் மெல்லச் சொன்ன எழுத்துகளும் தேய்ந்துவிட்டன. “எல்லாத்தையும் பழையபடி வைப்பா” என்றேன். “பாட்டி, நடுவுல கரண்ட் போன மாதிரி இருக்குமே” என்றான். இருக்கட்டும் என்றேன். பின்னணி இசையும் வேண்டாம் என்றேன். ஒவ்வொரு குரலுக்கும் நடுவில் இரண்டு நொடி இடைவெளி, அவ்வளவுதான். யார் பெயரையும் சொல்லவில்லை.

பிறந்தநாள் காலை பஸ் ஏறி நானே சின்னாளபட்டி போனேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போனை அவர் மடியில் வைத்தேன்.

“தசம பின்னம்” என்று ஆரம்பித்ததுமே, “கோயமுத்தூர்க்காரி” என்றார். நெல்லைக்குச் சிரித்துவிட்டு, “ரெண்டு பேரும் பொய் சொல்றாளுக. தூக்கு உன் அலமாரில இருந்துச்சு” என்று என்னைப் பார்த்துத் திரும்பினார். சென்னைக்காரி வகுப்பறைக் கதை சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

கடைசியாகப் பெங்களூரு. முதலில் ஒரு மூச்சு. பிறகு மௌனம். எனக்கு நெஞ்சு படபடத்தது. குரல் மாறிப்போயிருக்கிறது, பெயரும் சொல்லவில்லை. அடையாளம் தெரியாமல் “யாருடி இது?” என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? பேசாமல் பெயரை வைத்திருக்கலாமோ என்று நினைத்தேன்.

“பெரிய…வளே” என்று வந்தது. அந்தச் சொல் முடிவதற்குள் அக்காவின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த 95 நொடியும் அசையாமல் கேட்டார். முடிந்ததும், “அவ எப்பவும் யோசிச்சுத்தானே பேசுவா. இப்பக் கொஞ்சம் கூட யோசிக்கிறா” என்றார். மறுபடியும் அதை மட்டும் போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார்.

கடைசியில் என் வாழ்த்து வந்ததும், “இது நீ. ஸ்கூல் மணி மாதிரி” என்றார்.

அன்று மாலையே நான்கு பேருக்கும் முழுப் பதிவையும் அனுப்பினேன். அதுவரை யாரும் மற்றவர் பேசியதைக் கேட்டதில்லை. பெங்களூருவிலிருந்து அவள் மகள் கூப்பிட்டாள். அம்மா அடுத்த வருடத்துக்கு இப்போதே பேசிப் பழகுகிறார்களாம்.

முறுக்குத் தூக்கு எங்கே இருந்தது என்ற சண்டை மட்டும் குழுவில் இன்னும் ஓயவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அது என் அலமாரியில்தான் இருந்தது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திண்டுக்கல்