நான்கு விளக்கு எரிந்தால் முதலில் பாட்டரியைப் பார்

சாவியைத் திருப்பியதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் சில விநாடி எரிந்து அணைவது வழக்கம்தான். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங், என்ஜின் என்று வரிசையாக எரிந்து அணையாமலே நின்றால்தான் வண்டிக்காரர் முகம் வெளுக்கும். எனக்கோ கொஞ்சம் நிம்மதி வரும். ஒரே ராத்திரியில் நான்கு பாகங்கள் சேர்ந்து கெடுவது அபூர்வம். நான்குக்கும் பொதுவாக ஓடுவது மின்சாரம், அதனால் கை முதலில் மல்டிமீட்டரைத்தான் தேடும்.

அப்படி வந்த ஒரு வண்டி, வெளியூர் போய்வந்த ஒருவர் வீட்டில் நின்றிருந்த சின்னக் கார். செல்ஃப் எடுக்கவில்லை, 'டக் டக் டக்' என்ற சத்தம் மட்டும். கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருந்தது. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "போர்டுல லைட்டெல்லாம் பளிச்சுனு எரியுதே அண்ணே, பாட்டரி எப்படி வீக்கா இருக்கும்?" என்றார் வண்டிக்காரர். நியாயமான கேள்விதான். ஆனால் போர்டிலுள்ள எல்இடிக்குத் துளி மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும்.

பாட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.2 வோல்ட், அதாவது ஏறக்குறைய பாதி சார்ஜ். சாவியைத் திருப்பச் சொன்னதும் 7.9-க்கு விழுந்தது.

அந்த 'டக் டக்' சத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? செல்ஃபின் சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, இழுத்த சொலினாய்டு விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்பவும் இழுக்கிறது. ஒவ்வொரு சரிவிலும் வண்டிக்குள் இருக்கும் குட்டிக் கணினிகள் அணைந்து, மறுபடி விழிக்கப் பார்க்கின்றன. அவற்றின் சில்லுக்கு உள்ளே 5 வோல்ட் கிடைத்தாலே வேலை நடக்கும். ஆனால் ஏபிஎஸ் யூனிட் தன் பம்பையும் வால்வையும் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங் மோட்டாருக்கோ அதைவிட அதிக மின்சாரம் தேவை. வோல்டேஜ் 9, 10-க்குக் கீழே போனால் 'என்னை இப்போது நம்பாதே' என்று அவை வேலையை நிறுத்திக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

விளக்கு எரிவதன் சூட்சுமமும் இங்கேதான். மீட்டர் போர்டு, வகுப்பில் பெயர் கூப்பிடும் வாத்தியார் மாதிரி. ஏபிஎஸ்ஸிடமிருந்து 'ஆஜர்' என்ற செய்தி குறித்த நேரத்தில் வராவிட்டால், அது கெட்டுவிட்டதா தூங்குகிறதா என்று விசாரிக்காது, விளக்கைப் போட்டுவிடும். பிரேக் விஷயத்தில் மௌனத்தைக் கோளாறாக எடுத்துக்கொள்வதுதான் சரி. அதனால் எரியும் நான்கு விளக்கில் பல, அந்த யூனிட் பதில் சொல்லவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

ஸ்கேனரைப் போட்டால் P0562 வந்தது. வண்டியின் வோல்டேஜ் குறைவு என்று பொருள். கூடவே U0121, ஏபிஎஸ்ஸுடன் தொடர்பு அறுந்தது. U-வில் தொடங்கும் கோடு தொடர்பைப் பற்றியது. அதைப் பார்த்து யூனிட் மாற்றுபவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டோம். காலையில் 12.6, பார்க்க நல்ல எண். செல்ஃப் அடித்தபோது 9.2-க்கு இறங்கியது. நம் ஊர் வெப்பத்தில் நல்ல பாட்டரி அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. முனைக்கும் கிளாம்புக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட்தான், ஆகவே டெர்மினலில் துரு இல்லை. உள்ளே தகடுகள் கிழடு தட்டிவிட்டன. சும்மா இருக்கும் வோல்டேஜை மட்டும் பார்த்து 'பாட்டரி நல்லாயிருக்கு' என்பவர்கள் கோட்டை விடும் இடம் இது.

புது பாட்டரி போட்டதும் செல்ஃப் அடிக்கும்போது 10.8, என்ஜின் ஓடும்போது 14.2. ஆல்டர்னேட்டர் நன்றாகவே சார்ஜ் போடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. கோடுகளை அழித்துவிட்டு ஓட்டினோம், ஸ்டியரிங் விளக்கு மட்டும் போகவில்லை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பியதும் அதுவும் அணைந்தது. பாட்டரி கழற்றியதில் கோண சென்சாரின் நினைவு போயிருந்தது, அவ்வளவுதான்.

எல்லாம் பாட்டரிதான் என்று விட்டுவிடவும் கூடாது. ஓடும்போது பாட்டரி விளக்கு வந்து, பிறகு ஒன்றொன்றாக மற்றவையும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. அருகில் எங்காவது ஓரம் கட்டுங்கள். என்ஜின் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். வோல்டேஜ் சரியான பிறகும் கோடு அழித்து ஒரே ஒரு விளக்கு திரும்ப வந்தால் அது அந்தப் பாகத்தின் உண்மையான கோளாறு. விலை கூடிய யூனிட்டை மாற்றச் சொல்பவரிடம், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் இருந்தது என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.