வாளிக்கு யார் காசு கொடுப்பார்?

மூன்றாம் படிவம் படிக்கும் மகள் அன்று ஒரு கணக்கோடு வந்தாள். 450 மரம் சீவிய ஒருவர் காலை 10.30க்கு நிறுவைக்குக் கொண்டுவந்த பால், வாளியோடு 42 கிலோ. வெறும் வாளி 2 கிலோ. பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காடு. உலர் ரப்பர் கிலோ 7 ரிங்கிட். பாலுக்கு எவ்வளவு கிடைக்கும்?

42ஐ 30 விழுக்காட்டாலும் 7ஆலும் பெருக்கி 88.20 என்று எழுதியிருந்தாள். "450ஐ எங்கப்பா போடுறது?" அதுதான் அவள் கவலை.

கடைசி வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். கேட்பது பணம். பால் எடை, உலர் பங்கு, கிலோ விலை, இந்த மூன்றையும் பெருக்கினால் போதும். மூன்று இடம்தான். நேரத்துக்கு அதில் இடமில்லை. மரங்கள் தந்த பால் ஏற்கெனவே தராசில் ஏறிவிட்டது, 450ஐத் தனியாகச் சேர்க்க வேண்டாம். ஆனால் முதல் இடம் கேட்பது பாலின் எடை, வாளியின் எடையல்ல. அதனால் அவள் கண்டுகொள்ளாத 2 வேண்டும். 42இல் 2 போக 40. அதில் உலர் ரப்பர் 12 கிலோ. 84 ரிங்கிட்.

சிடாம் கிரியில் பால்மரம் சீவிய என் அம்மாவுக்குக் கோபம். "450 மரத்தையும் சுத்தி வந்தவளுக்குத் தெரியும், அது வேணாமா?"

மரத்துக்கு எவ்வளவு பால் என்று கேட்டிருந்தால் வேண்டும். 40ஐ 450ஆல் வகுத்தால் சுமார் 89 கிராம். அப்போது விலைதான் வேண்டாத எண்.

மகள் 88.20ஐ அடித்துக்கொண்டிருந்தாள். "வாளிக்கும் சேர்த்து 4.20 கொடுத்த ஆளை நான் பார்த்ததே இல்ல," என்றார் அம்மா.